செய்தியில் கேட்கும் அரபி கடையில் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: குவைத்துக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. ஊர்ல மதரஸாவுல ஓதினேன், அப்புறம் புத்தகம் வச்சு அரபி படிச்சேன். டிவி நியூஸ் ஓரளவு பிடிபடுது. ஆனா முதலாளி "ஷ்தபீ?"ங்கறார், பக்காலா மளிகைக்கடையில இருக்கற மிஸ்ரி, அதாவது எகிப்துக்காரர், "ஆயிஸ் ஏ?"ங்கறார். ரெண்டுமே என் புத்தகத்துல இல்ல. ஏன் இப்படி? நான் எதைக் கத்துக்கணும்?

பதில்:

இரண்டு பேரும் உங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன வேணும்?" உங்கள் புத்தகம் அதையே "மாதா துரீது?" என்று சொல்லிக் கொடுத்திருக்கும். செய்தி வாசிப்பவரும் அப்படித்தான் சொல்வார். இந்த மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விஷயம் பாதி விளங்கிவிடும்.

"ஷ்தபீ" என்பதன் தொடக்கத்தில் நிற்கும் "ஷ்" ஒரு காலத்தில் இரண்டு சொற்களாக இருந்தது. "அய்யு ஷைஃ", அதாவது "எந்தப் பொருள்". மக்கள் வாயில் அது "ஏஷ்" ஆனது. வளைகுடாவிலும் ஈராக்கிலும் இன்னும் தேய்ந்து, அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் வெறும் "ஷ்" ஆகிவிட்டது. பின்னால் வரும் "தபீ" என்பது "தப்ஃகீ" என்ற வினையின் தேய்ந்த வடிவம். நாடுவது, தேடுவது என்று பொருள். மதரஸாவில் கஹ்ஃபு சூரா ஓதியிருந்தால் மூஸா நபியும் அவருடைய உதவியாளரும் மீனைத் தவறவிட்ட இடத்தில் "தாலிக மா குன்னா நப்ஃகி" என்று வருவது நினைவிருக்கும். "நாம் தேடிக்கொண்டிருந்தது அதுதான்" என்று பொருள். உங்கள் முதலாளி தினமும் பயன்படுத்துவது அதே வினையைத்தான். பெண்ணிடம் கேட்டால் "ஷ்தபீன்?" என்பார்.

மிஸ்ரியின் "ஆயிஸ்" வேறு வேரிலிருந்து வருகிறது. தேவைப்படுவது, இல்லாமல் தவிப்பது என்ற பொருளுடைய பழைய வினை அது. அதன் எச்சவடிவம் கெய்ரோவில் "வேண்டும்" என்பதற்கான அன்றாடச் சொல்லாகிவிட்டது. பெண்ணிடம் "ஆய்ஸா ஏ?" என்று கேட்பார்கள். இங்கே இன்னொன்றும் இருக்கிறது. செய்தி அரபியில் "என்ன" என்பது வாக்கியத்தின் முதலில் நிற்கும். எகிப்தியப் பேச்சிலோ "ஏ" கடைசிக்குப் போய்விட்டது. இதை எகிப்தின் பழைய காப்டிக் மொழியின் தாக்கம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் அதை ஏற்பதில்லை.

ஆக, மூன்றுமே அரபி வேர்களிலிருந்து முளைத்தவை. "துரீது"தான் சரி, மற்றவை கெட்டுப்போனவை என்று நினைக்க வேண்டாம். அரபிகளிலேயே நிறையப் பேர் தங்கள் பேச்சை அப்படித்தான் நினைக்கிறார்கள். "எங்களுக்கு இலக்கணம் கிடையாது" என்று கெய்ரோக்காரர் ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். ஆனால் "ஆயிஸ்" என்று ஆணுக்கும் "ஆய்ஸா" என்று பெண்ணுக்கும் ஒரு தடவைகூடத் தவறாமல் மாற்றிச் சொல்கிறாரே, அதுவே இலக்கணம்தான்.

செய்தியின் அரபியை ஃபுஸ்ஹா என்பார்கள், தெருவின் அரபியை ஆம்மிய்யா என்பார்கள். மொராக்கோ பக்கம் போனால் பேச்சுமொழிக்குப் பெயர் தாரிஜா. ஃபுஸ்ஹாவைத் தாய்மொழியாகப் பேசி வளரும் சமூகம் இன்று எந்த நாட்டிலும் இல்லை. எல்லோரும் வீட்டில் ஒன்றைப் பேசி, பள்ளிக்கூடத்தில் மற்றொன்றைப் படிக்கிறார்கள். நீங்கள் புத்தகம் வைத்துப் படித்ததைத்தான் குவைத்திச் சிறுவனும் புத்தகம் வைத்துப் படிக்கிறான்.

இந்தப் பிளவு புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாம் பரவியபோது அரபி பேசியவர்கள் ஈராக், சிரியா, எகிப்து, வட ஆப்பிரிக்கா என்று புதிய நகரங்களில் குடியேறினார்கள். அங்கே அராமிக், பாரசீகம், காப்டிக், பெர்பர் பேசிய மக்கள் அரபியைக் கற்றுக்கொண்டார்கள். பேச்சு வேகமாக மாறியது. ஓதுவதில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற கவலையும் அரசாங்க எழுத்துக்கு ஒரு சீர்மை வேண்டும் என்ற தேவையும் சேர்ந்து இலக்கண ஆசிரியர்களை உருவாக்கின. அவர்களில் தலையானவர் பஸ்ராவின் சீபவைஹி. 796ஆம் ஆண்டு வாக்கில் இறந்தார். அவருடைய தாய்மொழி பாரசீகம். திருக்குர்ஆன், பழைய கவிதை, பாலைவனத்துப் பழங்குடிகளின் பேச்சு ஆகியவற்றை ஆதாரமாக வைத்து அவர்கள் விதிகளைத் தொகுத்தார்கள். அந்த விதிகள் எழுத்தை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டன. பேச்சை நிறுத்த முடியவில்லை. அது தன் வழியில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள் என்று சொல்ல முடியாது. தமீம், அஸத் குலத்தார் பெண்ணை நோக்கிப் பேசும்போது "உன்" என்பதற்கான ககரத்தை ஷகரமாக ஒலிப்பதை சீபவைஹியே குறித்து வைத்திருக்கிறார். குவைத்தில் ஆணிடம் "ஷ்லோனக்?" என்றும் பெண்ணிடம் "ஷ்லோனிச்?" என்றும் நலம் விசாரிக்கிறார்களே, அந்தச் சகரம் இந்தப் பழைய வழக்கோடு உறவுள்ளது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் தெருவில் கேட்கும் சில விஷயங்கள் இலக்கண நூல்களுக்கும் மூத்தவை.

இனி ஒரு செய்தி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "நாளை தாம் கெய்ரோ செல்லப்போவதில்லை என்று அமைச்சர் கூறினார்." தமிழ் எழுத்தில் அரபி ஒலிகள் முழுதாக அடங்காது, உங்களுக்கு ஓதத் தெரியும் என்பதால் நீங்களே சரிசெய்து வாசித்துக்கொள்ளுங்கள்.

செய்தி வாசிப்பவர் சொல்வது: "காலல் வஸீரு இன்னஹூ லன் யத்ஹப இலல் காஹிரதி ஃகதன்."

கெய்ரோவில் டீக்கடையில் இதையே சொன்னால்: "இல் வஸீர் ஆல் இன்னு மிஷ் ஹைரூஹ் மஸ்ர் புக்ரா."

உங்கள் முதலாளி சொன்னால்: "இல் வஸீர் கால் இன்ன மா ராஹ் யிரூஹ் இல் காஹிரா பாச்சிர்." இங்கே "கால்" என்பதில் வரும் "கா", காந்தி என்று சொல்லும்போது வருகிற கனத்த "கா".

முதலில் வரிசையைப் பாருங்கள். செய்தியில் "கூறினார்" முன்னால், "அமைச்சர்" பின்னால். பேச்சில் அமைச்சர் முதலில் வந்துவிட்டார். இதற்குக் காரணம் சொற்களின் கடைசியில் இருக்கிறது. "வஸீரு" என்ற உகர முடிவு அவர்தான் எழுவாய் என்று காட்டுகிறது. அவரே செயப்படுபொருளாக இருந்தால் "வஸீர" என்று அகரம் வரும். முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் "காஹிரதி" போல இகரம் வரும். இந்த வேற்றுமை முடிவுகளுக்கு இஃராப் என்று பெயர். முடிவே யார் என்ன செய்தார் என்று சொல்லிவிடுவதால் சொற்களை இடம் மாற்றிப் போடலாம். ஆம்மிய்யாவில் இந்த முடிவுகள் அடியோடு போய்விட்டன. "வஸீர்" எங்கே வந்தாலும் "வஸீர்"தான். அதனால் யார் செய்தார் என்பதை இடம் சொல்ல வேண்டியிருக்கிறது; எழுவாய் பெரும்பாலும் முன்னே வந்துவிடுகிறது.

அடுத்து மறுப்பு. ஃபுஸ்ஹாவில் காலத்துக்கு ஒரு மறுப்புச்சொல் உண்டு. இனி நடக்காது என்றால் "லன்". நடக்கவில்லை என்றால் "லம்". பொதுவாக நடப்பதில்லை என்றால் "லா". ஒவ்வொன்றும் பின்னால் வரும் வினையின் முடிவையும் மாற்றும்: "லன் யத்ஹப", "லம் யத்ஹப்", "லா யத்ஹபு". பேச்சுமொழி இந்தக் கணக்கை எல்லாம் விட்டுவிட்டது. குவைத்தில் "மா" ஒன்றே பெரும்பாலான வேலையைப் பார்க்கும். கெய்ரோவில் "மிஷ்" உண்டு, அல்லது வினையை இரண்டு பக்கமும் பிடிக்கும் "மா...ஷ்" உண்டு. அவன் போகவில்லை என்பதற்கு "மராஹ்ஷ்" என்பார்கள். அந்தக் கடைசி "ஷ்" எது தெரியுமா? "ஷ்தபீ"யில் பார்த்த அதே "ஷைஃ"தான். "ஒன்றும் இல்லை" என்று அழுத்திச் சொல்ல வந்த சொல் காலப்போக்கில் மறுப்பின் பாதியாகவே ஆகிவிட்டது.

"போ" என்பதற்கான வினையும் வேறு. செய்தியில் "தஹப". குவைத், கெய்ரோ இரண்டின் தெருவிலும் "ராஹ்". குவைத்தி வாக்கியத்தில் "ராஹ்" இரண்டு வேலை செய்கிறது. முதலில் வருவது எதிர்காலக் குறி; பிறகு வருவது போவது என்ற வினை. கெய்ரோவின் "ஹைரூஹ்" என்பதில் உள்ள "ஹ" என்ற எதிர்காலக் குறியும் "போகிற" என்ற பொருள் தரும் அதே சொல்லின் எச்சம்தான். செய்தியிலோ எதிர்காலத்துக்கு "ஸ" அல்லது "ஸவ்ஃப" வரும்.

"நாளை" என்பதற்கு மூன்று சொற்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃபுஸ்ஹாவின் "ஃகதன்" உங்களுக்குத் தெரியும். "புக்ரா" உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். ஆனால் "புக்ரதன் வ அஸீலா", காலையிலும் மாலையிலும், என்று பல தடவை ஓதியிருப்பீர்கள். அதிகாலை என்ற பொருள் மெல்ல நகர்ந்து "விடிந்தால்" ஆகி, "நாளை" ஆகிவிட்டது. குவைத்தின் "பாச்சிர்" அதே குடும்பத்துச் சொல். "பாகிர்" என்பதன் ககரம் அங்கே சகரமாகிவிட்டது. கெய்ரோக்காரர் தன் ஊரைப் பேச்சில் "காஹிரா" என்று சொல்லாமல் "மஸ்ர்" என்றே சொல்வார். அது நாட்டின் பெயரும்கூட. செய்தியில் நாடு "மிஸ்ர்", நகரம் "அல் காஹிரா" என்று பிரிந்தே இருக்கும்.

ஒலி மாற்றத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: அடித்தொண்டையில் பிறக்கும் காஃப். "கால" என்ற சொல்லின் அந்த எழுத்து செய்தியில் முழுமையாக ஒலிக்கும். குவைத்தில் அது கனத்த "க" ஆகும். கெய்ரோவில் தொண்டை ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அதனால்தான் "ஆல்" என்று கேட்கிறது. ஆனால் அதே கெய்ரோக்காரர் "குர்ஆன்", "கானூன்" என்று சொல்லும்போது காஃபை முழுதாக ஒலிப்பார். இந்தச் சொற்கள் ஓதலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் அரசாங்கத்திலிருந்தும் அவர் பேச்சுக்கு வந்தவை. வீட்டில் வழிவழியாக வந்த சொல்லில் எழுத்து மாறியிருக்கும். படிப்பு வழியாக வந்த சொல்லில் மாறியிருக்காது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. "தானியா" என்று எழுதப்படும் சொல்லின் முதல் எழுத்து, நாக்கைப் பல்லிடையில் வைத்து ஒலிக்கும் "தா". "இரண்டாவது" என்ற பொருளில் கெய்ரோவில் அது "தானி" என்று நம் தகரமாகிவிடும். கடிகாரத்தின் "நொடி" என்ற பொருளில் "ஸான்யா" என்று ஸகரமாகிவிடும். ஒரே வேர், ஒரே எழுத்து. ஒன்று வீட்டு வழி வந்தது, மற்றொன்று படிப்பு வழி வந்தது. ஒரு மனிதர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார், அதில் ஏதும் வித்தியாசம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றாது.

இவ்வளவு கடினமான ஒன்றைச் செய்தியில் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்? முதல் காரணம் எட்டும் தூரம். அரபு லீகில் 22 நாடுகள். குவைத்தியின் பேச்சை மொராக்கோக்காரரால் எளிதாகப் பின்தொடர முடியாது. மொராக்கோவின் தாரிஜாவைக் குவைத்தி கேட்டால் இன்னும் சிரமம். எந்த ஊர்ப் பேச்சில் வாசித்தாலும் மற்ற ஊர்க்காரர் "இது எங்களுக்கானதல்ல" என்று சொல்லிவிடுவார். எகிப்தியத் திரைப்படங்களால் கெய்ரோப் பேச்சு பெரும்பாலோருக்குப் புரியும். ஆனாலும் எகிப்தியப் பேச்சில் பொதுச் செய்தி வாசிக்க மற்ற நாடுகள் ஒப்பாது. 1938இல் பிபிசி அரபி வானொலி தொடங்கியபோதும், 1953இல் கெய்ரோவிலிருந்து "ஸவ்துல் அரப்" ஒலிக்கத் தொடங்கியபோதும், 1996இல் தோஹாவில் அல் ஜஸீரா வந்தபோதும் செய்திக்கு ஃபுஸ்ஹாவே மொழி. இன்றும் வட ஆப்பிரிக்கத் தெருவில் எடுத்த பேட்டிக்குக் கீழே ஃபுஸ்ஹாவில் எழுத்து ஓடுவதை நீங்கள் சில நேரம் பார்க்கலாம். அரபியைக் கேட்க அரபியில் உபதலைப்பு.

இரண்டாவது காரணம் கனம். ஃபுஸ்ஹாவில் சொன்னால் அது அரசாங்கத்தின் குரல், நூலின் குரல். ஆம்மிய்யாவில் சொன்னால் அண்டை வீட்டுக்காரரின் குரல். இந்த வித்தியாசம் எவ்வளவு ஆழமானது என்பதற்குத் துனிசியாவில் நடந்ததைச் சொல்லலாம். ஜனாதிபதி பின் அலீ இருபத்து மூன்று வருட ஆட்சியில் மக்களிடம் ஃபுஸ்ஹாவில் எழுதிக் கொண்டுவந்ததைத்தான் வாசிப்பது வழக்கம். 2011 ஜனவரி 13 இரவு, தெருவெல்லாம் போராட்டம் கொழுந்துவிட்டு எரியும்போது, துனிசியர் எல்லோரும் பேசும் மொழியில் பேசுகிறேன் என்று சொல்லியே தாரிஜாவில் பேசினார். அவர் சொன்ன "ஃபஹிம்த்கும்", உங்களைப் புரிந்துகொண்டேன், என்ற ஒரு சொல் அரபு உலகம் முழுவதும் பரவியது. செய்தி வாசிப்பவர் அதை "ஃபஹிம்துகும்" என்று நடுவே உகரத்தோடு சொல்லியிருப்பார். அதே உரையில் "உங்களோடு பேசுகிறேன்" என்பதற்கு அவர் சொன்னது "ந்கல்லிம்கும்". வட ஆப்பிரிக்காவில் "நான்" என்பதற்கு வினையின் முன் நகரம் வரும். ஃபுஸ்ஹாவிலோ அந்த நகரம் "நாம்" என்பதற்கு உரியது. "நான்" என்றால் "உகல்லிமுகும்" என்றிருக்க வேண்டும். மொழியை மாற்றியதே ஒரு அரசியல் செய்தியாக இருந்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. மறுநாளே அவர் நாட்டைவிட்டுப் போனார்.

ஃபுஸ்ஹா செய்தி வாசிப்பவருக்கும் எளிதல்ல. அரபி எழுத்தில் குறில் உயிர்களை எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மதரஸாவில் ஓதிய முஸ்ஹஃபில் எல்லாக் குறிகளும் இருந்திருக்கும். செய்தித்தாளிலும் திரையிலும் இருக்காது. காஃப், தா, லாம் என்று மூன்று எழுத்து மட்டும் கண்முன் நிற்கும். அதைக் "கதல" என்று வாசித்தால் "கொன்றான்". "குதில" என்று வாசித்தால் "கொல்லப்பட்டான்". "கத்லு" என்று வாசித்தால் "கொலை". பின்னால் "ஜுன்தீ", அதாவது படைவீரர், என்று வந்தால் வீரர் கொன்றாரா, கொல்லப்பட்டாரா? இதனால்தான் பல செய்தித் திரைகளில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முதல் எழுத்தின் மேல் சின்னதாக ஒரு ளம்மா, அதாவது உகரக் குறி, போடுவார்கள். இன்று செய்தியைப் பார்க்கும்போது தேடிப் பாருங்கள். கெய்ரோப் பேச்சில் இந்தக் குழப்பமே கிடையாது. "கொல்லப்பட்டான்" என்பதற்கு "இத்அதல்" என்று முன்னால் ஒரு "இத்" சேர்ந்துவிடும். காதில் கேட்டதுமே தெரிந்துவிடும்.

எண் வந்தால் இன்னும் சிரமம். எழுதிக் கொடுத்த தாளில் 15 என்று இலக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "ஆண்" என்று வந்தால் "கம்ஸத அஷர ரஜுலன்" என்று வாசிக்க வேண்டும். "பெண்" என்று வந்தால் "கம்ஸ அஷ்ரத இம்ரஅதன்". கூர்ந்து பாருங்கள். ஆணை எண்ணும்போது ஐந்துக்குப் பெண்பால் ஈறு வருகிறது, பத்துக்கு ஆண்பால் வடிவம். பெண்ணை எண்ணும்போது இரண்டும் தலைகீழ். வாசிப்பவர் இலக்கத்தைக் கண்ட கணத்தில் அடுத்த சொல்லையும் பார்த்து, அதன் பாலை அறிந்து, இரண்டு பகுதியையும் எதிரெதிராகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கெய்ரோவில் ஆண் என்றாலும் பெண் என்றாலும் "கமஸ்தாஷர்". அவ்வளவுதான். தேர்ந்த வாசிப்பாளரும் தடுமாறும் இடம் இந்த எண்கள்தான். அலைவரிசைகளில் இலக்கணம் பார்த்துக் கொடுப்பதற்கென்றே மொழித் திருத்தர்களை வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. அது அரபியில் பழமொழியாகவே இருக்கிறது: "ஸக்கின் தஸ்லம்". முடிவில் ஸுகூன் போட்டுவிடு, பிழைத்துக்கொள்வாய். "வஸீரு"வா "வஸீர"வா என்று சந்தேகம் வந்தால் "வஸீர்" என்று நிறுத்திவிடுவது. வாக்கியம் முடியும் இடத்தில் அப்படி நிறுத்துவது முறையானதே. ஓதும்போதும் ஆயத்தின் முடிவில் அப்படித்தான் நிறுத்துகிறோம். நடுவிலும் அப்படியே விட்டுக்கொண்டு போனால்தான், பேசுபவர் ஃபுஸ்ஹாவிலிருந்து இறங்கிவிட்டார் என்று பொருள். ஒருவர் எந்த உயரத்தில் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க நான் முதலில் கேட்பது இந்த முடிவுகளைத்தான்.

ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. செய்தி முடிந்து விவாத நிகழ்ச்சி தொடங்கியதும் கவனியுங்கள். அழைக்கப்பட்ட பேராசிரியர் முதல் இரண்டு வாக்கியம் முடிவுகளோடு சுத்தமாகப் பேசுவார். கொஞ்சம் சூடானதும் முடிவுகள் உதிரும். "லன்", "லம்" போய் "மா", "மிஷ்" வரும். சொற்கள் மட்டும் பொருளாதாரத்துக்கு "இக்திஸாத்", தேர்தலுக்கு "இன்திகாபாத்" என்று செய்திச் சொற்களாகவே இருக்கும். படித்தவர்கள் அலுவலகக் கூட்டத்தில் பேசுவதும் இப்படித்தான். பாதி ஏணியில் நின்று பேசும் இந்த அரபிதான் உங்களைப் போல ஃபுஸ்ஹா வழியாக வருபவருக்கு நல்ல பயிற்சி. சொற்கள் பழகியவை, சட்டகம் மட்டும் புதிது.

இதையெல்லாம் தமிழர் நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். "அமைச்சர் கூறியிருக்கிறார்" என்று செய்தியில் கேட்டுவிட்டு "மினிஸ்டர் சொல்லிருக்காரு" என்று வீட்டில் சொல்பவர்கள்தானே நாம். ஆனால் ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்க வேண்டாம். நம் பேச்சில் வேற்றுமை உருபுகள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் போய்விடவில்லை; "வீட்டுக்கு" என்பதில் வரும் "க்கு" எந்த ஊரிலும் "க்கு"த்தான். அரபிப் பேச்சில் அந்த அமைப்பே இல்லை. "வேண்டும்", "என்ன", "இப்போது", "நாளை" போன்ற அடிப்படைச் சொற்களே ஊருக்கு ஊர் வேறாகிவிட்டன. "இப்போது" என்பதற்குச் செய்தியில் "அல் ஆன", குவைத்தில் "அல்ஹீன்", கெய்ரோவில் "தில்வஅத்தி", அதாவது "இந்த வக்த்" என்பது ஒட்டிப்போனது.

எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டீர்கள். வேலை குவைத்தில், முதலாளி குவைத்தி. அதனால் முதலில் குவைத்திப் பேச்சு. எகிப்தியப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், பேசிப் பழக வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் "மா"வும் "மிஷ்"ஷும் கலந்துவிடும். செய்தியை விட்டுவிடாதீர்கள். படிக்க, படிவம் நிரப்ப, அறிவிப்புப் பலகை பார்க்க அதுதான் கைகொடுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நம்மவர்களும் மலையாளிகளும் வங்காளிகளும் அங்கே பேசும் "அனா ரூஹ்", "மாஃபீ மாலூம்" என்பது குவைத்திப் பேச்சும் அல்ல, எகிப்தியப் பேச்சும் அல்ல. பல நாட்டுத் தொழிலாளர்களும் முதலாளிகளும் ஒருவரோடொருவர் வேலையை முடிக்க உருவாக்கிக்கொண்ட தனி வகை அது. அதில் வினை "நான்", "நீ", "அவன்" எதற்கும் மாறாது. உங்களிடம் பேசும்போது குவைத்திகளே அதற்கு இறங்கிவந்துவிடுவதால், உண்மையான குவைத்திப் பேச்சு உங்கள் காதில் விழுவது குறைவாக இருக்கும். அவர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் அது கேட்கும். "இல்லை" என்பதற்கு "மாஃபீ" என்று உங்களிடம் சொன்னவர் தன் தம்பியிடம் "மாக்கூ" என்று சொல்வார். "இருக்கிறது" என்றால் "அக்கூ". இந்த இரண்டையும் இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக்கியரிடமும் இவை செல்லும்.

முதலாளி அடுத்த தடவை "ஷ்தபீ?" என்று கேட்டால் "உரீது மாஅன்" என்றாலும் அவருக்குப் புரியும். படித்த பிள்ளை என்று மதிப்பாகவும் பார்ப்பார். ஆனால் தண்ணீர் கேட்பதற்கு "அபீ மாய்" போதும். பக்காலாவில் அதையே "ஆயிஸ் மய்யா" என்று சொல்லுங்கள். உடனே வேண்டும் என்றால் முதலாளியிடம் "அல்ஹீன்", மிஸ்ரியிடம் "தில்வஅத்தி".